ஒன்பதாவது மைல் மேடு: ஒரே களத்தில் மூன்று தற்காப்புகள்

பின்னணி

குன்னூருக்கும் வெலிங்டனுக்கும் இடையில் உள்ள ஒரு சிறிய கூடத்தில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் நடந்த வரைபடப் போர்ப்பயிற்சியின் பதிவு இது. கலந்துகொண்டவர்கள் என்.சி.சி.யில் இருந்த எட்டுக் கல்லூரி மாணவர்கள். நடுவராக இருந்தவர் காலாட்படையில் இருந்து ஓய்வு பெற்ற சுபேதார் ஒருவர். உடன் ஒரு வரலாற்று ஆசிரியர். வெலிங்டனைச் சுற்றி இப்படிப்பட்ட ஆட்கள் கிடைப்பது கடினம் அல்ல. மெட்ராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி மையமும் முப்படை அதிகாரிகளுக்கான கல்லூரியும் அங்கேதான் இருக்கின்றன.

கேள்வி எளிமையானது. தற்காப்பில் இருப்பவனிடம் ஆள் குறைவு, தாக்குபவனிடம் இரண்டு மடங்கு. எல்லைக் கோட்டிலேயே எல்லோரையும் நிறுத்தித் தடுப்பதா, அல்லது எதிரியை உள்ளே வரவிட்டு, பல கிலோமீட்டர் ஆழத்துக்கு அடுக்கி வைத்த காவல்களில் அவனுடைய வேகத்தைக் கரைப்பதா? ஒரே களத்தில், ஒரே காய்களோடு, மூன்று முறை விளையாடிப் பார்த்தார்கள். மூன்றாவது முறை நடந்ததுதான் இதை எழுதக் காரணம்.

களமும் காய்களும்

களமாக எடுத்துக்கொண்டது ஊட்டி – கூடலூர் சாலையில், பைக்காராவுக்குக் கொஞ்சம் இப்பால் தொடங்கித் தலைகுந்தா வரையிலான புல்வெளி மேடுகள். நேர்கோட்டில் 10 கிலோமீட்டர் நீளம், 4 கிலோமீட்டர் அகலம். ஒரு கிலோமீட்டருக்கு 25 சென்டிமீட்டர் என்று கணக்கு வைத்தால் இந்தக் களம் ஒரு டேபிள் டென்னிஸ் மேசையில் அடங்கிவிடுகிறது. கம்பளிகளை மடித்து அடுக்கி, மேலே பச்சைத் துணியை விரித்து மேடு பள்ளங்களை உண்டாக்கினார்கள். சோலைக்குப் பாசி, சாலைக்கு வெள்ளை நாடா. மேற்கு விளிம்பிலிருந்து 2-ஆவது கிலோமீட்டரில் ஒன்பதாவது மைல் மேடு, 6-ஆவது கிலோமீட்டர் அருகே ஆறாவது மைல், அதைத் தாண்டிப் பைன் காடு, 9-ஆவது கிலோமீட்டரில் தலைகுந்தா சந்திப்பு. அளவுகள் பயிற்சிக்காகச் சற்று நேராக்கப்பட்டவை.

கேரம் காய்கள் இரண்டு செட். தாக்கும் தரப்புக்கு 18 கருப்பு. ஒரு காய் ஒரு கம்பெனி. அவற்றில் சாக்பீஸால் கோடு போட்ட நான்கும் டாங்கிகள். தற்காக்கும் தரப்புக்கு 9 வெள்ளை. அதில் ஒன்று டாங்கி. கம்பெனியைப் பிளட்டூன்களாகப் பிரிக்க வேண்டி வந்தால் ஒரு காய்க்குப் பதில் மூன்று மொச்சைக் கொட்டைகள். பீரங்கிகளுக்குச் சட்டைப் பொத்தான்: தாக்குபவருக்கு ஆறு, தற்காப்புக்கு மூன்று. தொலைபேசிக் கம்பிக்குச் சிவப்புக் கம்பளி நூல்.

ஒரு சுற்று என்றால் ஒரு மணி நேரம். சுட்டுக்கொண்டே முன்னேறும் காய் ஒரு சுற்றில் 1 கிலோமீட்டர் போகலாம். எதிர்ப்பு இல்லாத சாலையில் 2. மூன்று அடிபட்ட காய் மேசையை விட்டு வெளியேறும். இவை தவிர மூன்று விதிகள்தான் ஆட்டத்தைத் தீர்மானித்தன. பீரங்கி அடி விழ வேண்டுமானால் இலக்கைப் பார்க்கும் கண் ஒன்று வேண்டும். பார்வைக்கோட்டை நடுவர் ஒரு நூலைப் பிடித்துச் சரிபார்ப்பார். இரண்டு பக்கத்திலிருந்து சுடப்படும் காய் அந்தச் சுற்றில் நகரக் கூடாது. தொடர்ந்து நான்கு சுற்று முன்னேறிய காய் ஒரு சுற்று நின்று மூச்சும் குண்டும் வாங்கிக்கொள்ள வேண்டும். நிற்காவிட்டால் பாதி பலம்தான்.

கடைசி விதியை மாணவர்கள் முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

முதல் ஞாயிறு: மேட்டில் ஒரே வரிசை

தற்காப்புத் தரப்பின் தலைவராக இருந்த மாணவர் ஏழு காய்களை ஒன்பதாவது மைல் மேட்டின் மேற்குச் சரிவில் 4 கிலோமீட்டர் அகலத்துக்கும் பரப்பினார். மேட்டிலிருந்து பார்த்தால் பைக்காரா வரை தெரியும், ஆகவே எதிரியைத் தூரத்திலேயே அடித்துவிடலாம் என்பது அவர் கணக்கு. இரண்டு காய்கள் ரிசர்வாக ஆறாவது மைலில் இருந்தன. பீரங்கிகள் மேட்டுக்கு இரண்டரை கிலோமீட்டர் பின்னால்.

எதிரியைப் பார்க்க முடிகிற இடத்தை எதிரியும் பார்க்க முடியும். முதல் மணி நேரத்திலேயே தாக்கும் தரப்பு தன் 12 குண்டுவீச்சுச் சீட்டுகளையும் சாலையை ஒட்டிய இரண்டே காய்கள் மேல் கொட்டியது. இரண்டும் தலா இரண்டு அடி வாங்கின. அடுத்த சுற்றில் அந்த ஒரு கிலோமீட்டர் அகலத்தில் எட்டுக் கருப்புக் காய்கள் வந்தன. இரண்டும் போயின.

கணக்கைப் பிறகு போட்டுப் பார்த்தார்கள். மொத்தத்தில் தாக்குபவர் பலம் இரண்டுக்கு ஒன்று. ஆனால் எங்கே அடிப்பது என்பதைத் தேர்ந்தெடுப்பவர் அவர்தான். ஏழு காய்களை 4 கிலோமீட்டரில் பரப்பினால் எந்த ஒரு கிலோமீட்டரிலும் இரண்டு காய்க்கு மேல் இருக்காது. அந்த இடத்தில் எட்டுப் பேர் வந்தால் நான்குக்கு ஒன்று. வரிசையை இன்னும் நேர்த்தியாக, இன்னும் சமமாகப் பரப்பினாலும் இந்தக் கணக்கு மாறாது; சமமாகப் பரப்பியதுதான் பிழை.

மூன்றாவது மணியில் ஆறு கருப்புக் காய்கள் ஓட்டை வழியே உள்ளே போயின. நான்காவது மணியில் பீரங்கிப் பொத்தான்கள் மூன்றும் பிடிபட்டன. அவை நேரெதிரே சுடும் இடத்தில் இல்லை. தம்மைக் காக்க முன்னால் ஒரு வரிசை இருக்கிறது என்ற நம்பிக்கையில் வைக்கப்பட்டவை. ரிசர்வின் முதல் காய் அவசரமாக ஓட்டையை அடைக்கப் போய் ஐந்து காய்களோடு மோதியது. அது அழிந்த பிறகு இரண்டாவது காய் அதே வழியில் போனது. ஏழாவது மணியில் தலைகுந்தா விழுந்தது.

மீதி ஐந்து வெள்ளைக் காய்கள் அதுவரை மேட்டின் மேல் அசையாமல் மேற்கைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவற்றை யாருமே தாக்கவில்லை. சாலை அவற்றுக்குப் பின்னால் அடைபட்டதும் நடுவர் ஐந்தையும் எடுத்து மேசையோரம் அடுக்கினார். தாக்கும் தரப்பு இழந்தது மூன்று காய்கள்.

இடையில் எடுத்த முடிவு

அடுத்த வாரத்துக்குள் ஆசிரியர் ஒரு பழைய உதாரணத்தை வரைபடத்தோடு கொண்டுவந்தார். 1918 ஜூலை 15 அன்று பிரான்ஸில் ரைம்ஸ் நகரின் இருபுறமும் ஜெர்மானியர் ஒரே நேரத்தில் தாக்கினார்கள். நகரின் கிழக்கே குரோ என்ற தளபதியின் நான்காவது சேனை இருந்தது. அவர் முன்வரிசைப் பதுங்கு குழிகளில் சிறு சிறு குழுக்களை மட்டும் விட்டுவிட்டு, உண்மையான எதிர்ப்பு வரிசையை இரண்டு மூன்று கிலோமீட்டர் பின்னால் வைத்தார். முந்தின நாள் மாலை பிடிபட்ட கைதிகளிடமிருந்து தாக்குதல் தொடங்கும் நேரமும் தெரிந்துவிட்டது. பிரெஞ்சுப் பீரங்கிகள் முந்திக்கொண்டன. ஜெர்மானியக் குண்டுகள் பெரும்பாலும் காலிக் குழிகளில் விழுந்தன. முன்வரிசையைக் கடந்து வந்தவர்கள், அடிபடாத ஒரு முழு வரிசையின் முன்னால் தம் பீரங்கித் துணை இல்லாமல் நின்றார்கள். அன்று நண்பகலுக்குள் கிழக்குப் பக்கத் தாக்குதல் நின்றுபோனது.

அதே நாளில் நகரின் மேற்கே மார்ன் ஆற்றங்கரையை ஒட்டியே படையை நெருக்கமாக நிறுத்திய பகுதிகளில் ஜெர்மானியர் ஆற்றைக் கடந்து பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டார்கள். ஒரே நாள், ஒரே எதிரி, இரண்டு விதத் தற்காப்பு. பயிற்சிக்கு இதைவிடப் பொருத்தமான ஒப்பீடு கிடைக்காது.

மாணவர்களுக்குத் தயக்கம் ஒன்றுதான். “ஐயா, மேட்டை விட்டுட்டா அப்புறம் என்ன இருக்கு?” என்று கேட்டார் தற்காப்புத் தலைவர். “தம்பி, மேடு எங்கயும் ஓடிப் போகாது. சாயங்காலம் திரும்ப வாங்கிக்கலாம். ஆளு போனா வாங்க முடியுமா?” என்றார் சுபேதார்.

அன்றே எடுத்த முடிவு: இரண்டு கம்பெனிகள் முன்காவல், நான்கு கம்பெனிகள் நடு அடுக்கு, மூன்று கம்பெனிகள் ரிசர்வ்.

இரண்டாம் ஞாயிறு: விட்டுப் பிடித்தல்

முன்காவலின் இரண்டு காய்களும் ஆறு மொச்சைக் கொட்டைகளாகி மேட்டில் சிதறின. அவர்களுக்கான உத்தரவு ஒரு துண்டுச் சீட்டில் இருந்தது: எதிரி எங்கே கனமாக வருகிறான் என்று சொல், அவனைச் சாலையிலிருந்து இறங்கி விரிய வை, இரண்டாவது மணி முடிந்ததும் தெற்குச் சோலை ஓரமாகப் பின்வாங்கு.

நடு அடுக்கை 4.5 முதல் 6.5 கிலோமீட்டர் வரை சதுரங்கக் கட்டங்களைப் போல முன்னும் பின்னுமாக வைத்தார்கள். ஒவ்வொரு காயும் மேட்டின் உச்சியில் இல்லாமல், எதிரிக்கு மறைவான கிழக்குச் சரிவில் இருந்தது. நீலகிரியின் புல்மேடுகள் இதற்கென்றே உருட்டி வைத்தவை போல இருக்கும். மேற்கிலிருந்து பார்ப்பவனுக்குத் தெரிவது வெறும் புல் உச்சிதான். உச்சியைத் தாண்டி இறங்கினால்தான் எதிரே காவல் இருப்பது தெரியும். அப்போது அவன் நிற்பது முந்நூறு மீட்டருக்குள், வானத்தின் பின்னணியில், தன் பீரங்கிகளின் பார்வைக்கு அப்பால். ஒவ்வொரு காயும் தனக்கு நேரெதிரே சுடுவதைவிடப் பக்கத்துக் காயின் முன்னால் குறுக்காகச் சுடும்படி திருப்பி வைக்கப்பட்டது. பீரங்கிகள் 7.5-இல், ரிசர்வ் பைன் காட்டில்.

முதல் மணியில் தாக்கும் தரப்பு போன வாரத்தைப் போலவே 12 சீட்டுகளையும் மேட்டில் கொட்டியது. மூன்று கொட்டைகள் போயின. அதாவது ஒரு கம்பெனி அளவு. போன வாரம் இதே குண்டுகள் ஒரு தற்காப்பையே முறித்திருந்தன.

இரண்டாவது மணியில் மீதி மூன்று கொட்டைகள் இயந்திரத் துப்பாக்கியோடு சாலையைச் சுட்டன. பெரிய சேதம் இல்லை. ஆனால் தாக்கும் தரப்பு, எதிரே ஏழு கம்பெனி இருக்கிறது என்ற நினைப்பில் எட்டுக் காய்களை இருபுறமும் விரித்தது. காலி மேட்டைப் பிடிக்க ஒரு மணி நேரம் செலவாயிற்று. பின்வாங்கும்போது ஒரு கொட்டை சிக்கியது. இரண்டு தப்பி வந்து நடு அடுக்கில் சேர்ந்தன.

மூன்றாவது, நான்காவது மணிகளில் எதிர்ப்பே இல்லை. தாக்கும் தரப்பில் உற்சாகம். நான்காவது மணி முடிவில் 4-ஆவது கிலோமீட்டரைத் தொட்டிருந்தார்கள். பீரங்கிக்கு இலக்குக் கேட்டபோது நடுவர் நூலைப் பிடித்துக் காட்டினார். ஒன்பதாவது மைல் மேட்டிலிருந்து நூல் அடுத்த உச்சியில் முட்டி நின்றது. கண்காணிப்பாளர் அந்த உச்சிக்குப் போய்த்தான் பார்க்க வேண்டும். போனவர் அடிபட்டார்.

ஐந்தாவது மணியில் மோதல். சாலையில் வந்த காலாட்படைக் காய்கள் இரண்டு பக்கத்துச் சூடுபட்டு நின்றன. டாங்கிகள் நிற்கவில்லை. கவச வண்டியைத் துப்பாக்கிக் குண்டு ஒன்றும் செய்யாது என்பதால் நான்கும் தனியாக 5.5 வரை போயின. டாங்கிக்கு முன்புறக் கவசம்தான் தடிமன்; பக்கவாட்டிலும் பின்னாலும் மெல்லியது. கூட வரும் காலாட்படைதான் புதரில் ஒளிந்திருக்கும் டாங்கி எதிர்ப்புத் துப்பாக்கியைக் கண்டுபிடித்து விரட்டும். அது பின்னால் முடங்கிக் கிடந்தது. சோலை விளிம்பில் இருந்த வெள்ளைக் காய் நான்கையும் கடந்து போகவிட்டு, பக்கவாட்டிலிருந்து சுட்டது. இரண்டு போயின. ஒரு தடுப்பின் முதல் வேலை எதிரியைக் கொல்வது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். டாங்கியையும் காலாளையும் பிரிப்பதே அதன் பெரிய வேலை. மீதி தானாக நடக்கும்.

ஆறாவது மணியில் சாலையை அடைத்திருந்த வெள்ளைக் காய் விழுந்தது. தற்காப்புத் தலைவர் உடனே ரிசர்வை எடுக்கக் கை நீட்டினார். அவருடைய துணைவர் தடுத்தார். “இன்னும் ஒரு மணி பொறுத்துக்கலாம். அவங்களுக்கு மூச்சு வாங்கப் போகுது.” இந்தப் பயிற்சியிலேயே சிறந்த முடிவு இதுதான்.

ஏழாவது மணியில் மேசையை நின்று பார்த்தால் கணக்கு இப்படி இருந்தது. 18 கருப்பில் நான்கு போய்விட்டன. எதிரி பை போல உள்ளே நுழைந்திருந்த பகுதி இரண்டு கிலோமீட்டர் அகலம். அதன் இருபுறமும் விழாத வெள்ளைக் காய்கள் மூன்று இருந்ததால், அவற்றைக் கவனிக்க ஆறு கருப்புக் காய்கள் பக்கவாட்டில் முடங்கின. மூன்று காய்கள் மூச்சு வாங்கவும் பீரங்கியை முன்னே கொண்டுவரவும் பின்னால் நின்றன. முனையில் இருந்தவை ஐந்து. அவையும் இளைப்பாறாமல் முன்னேறியதால் பாதி பலம். காலையில் இரண்டு மடங்காக இருந்த தரப்பு, மோத வேண்டிய இடத்தில் இப்போது சிறுபான்மை.

ரிசர்வின் மூன்று காய்களும் பைன் காட்டை விட்டுச் சேர்ந்தே கிளம்பின. முனையை நேரெதிரே போய் முட்டவில்லை. தெற்குச் சோலை ஓரமாகப் போய், பையின் வாய்ப்பகுதியைக் காத்த இரண்டு காய்கள் மேல் விழுந்தன. முனைப் பகுதியை எட்டாவது மணியில் வளைத்துக்கொண்டார்கள். ஒன்பதாவது மணியில் நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். எதிரி எட்டிய கடைசி இடம் 6-ஆவது கிலோமீட்டர். இழப்பு: தாக்கிய தரப்பில் ஒன்பது காய்; தற்காப்பில் நடு அடுக்கில் ஒன்று, ரிசர்வில் ஒன்று, நான்கு கொட்டைகள். விட்டுக்கொடுத்த நான்கு கிலோமீட்டரில் இரண்டரை திரும்பக் கிடைத்தது.

மூன்றாம் ஞாயிறு: அதே அடுக்கு, மூடுபனி

தரப்புகள் மாறின. போன வாரம் தாக்கித் தோற்றவர்கள் இப்போது தற்காப்பு. வெற்றி பெற்ற திட்டத்தை அப்படியே எடுத்துக்கொண்டதாகத்தான் சொன்னார்கள். இரண்டு மாற்றங்கள் மட்டும். ஒன்பதாவது மைல் மேட்டைச் சும்மா கொடுக்க மனம் வரவில்லை. முன்காவலை நான்கு முழுக் கம்பெனிகளாக்கி, ‘கடைசி ஆள் வரை நில்’ என்று உத்தரவு எழுதினார்கள். அந்த இரண்டு கூடுதல் கம்பெனிகளும் ரிசர்விலிருந்து வந்தவை. ரிசர்வில் எஞ்சியது ஒன்று.

நடுவரும் ஒரு மாற்றம் செய்தார். முதல் நான்கு மணி நேரம் மூடுபனி; 200 மீட்டருக்கு மேல், அதாவது மேசையில் 5 சென்டிமீட்டருக்கு மேல், யாருக்கும் எதுவும் தெரியாது. ஊட்டிப் பக்கம் இருப்பவர்களுக்கு இது வினோதமான விதி அல்ல.

தாக்கும் தரப்பு இம்முறை குண்டுகளை மேட்டில் வீணாக்கவில்லை. பாதிச் சீட்டுகள் பின்னால் இருந்த பீரங்கிகள் மேலும், ஆறாவது மைலிலிருந்த தலைமையிடம் மேலும் விழுந்தன. அவை போன வாரமே தெரிந்த இடங்கள் என்பதால் நடுவர் பார்க்கும் கண் கேட்கவில்லை. ஒவ்வொரு அடிக்கும் நடுவர் கத்தரிக்கோலை எடுத்து ஒரு சிவப்பு நூலை வெட்டினார். முதல் மணி முடிவில் முன்காவலையும் தலைமையிடத்தையும் இணைத்த நூல்கள் எல்லாம் மேசையில் துண்டு துண்டாகக் கிடந்தன. அதன் பிறகு செய்தி என்றால் ஆள் ஓடி வந்து சொல்ல வேண்டும். அதற்கு ஒரு சுற்று ஆகும்.

இரண்டாவது மணியில் பத்துக் கருப்புக் காய்கள் முன்காவல்களின் இடைவெளிகள் வழியே பனிக்குள் நழுவிப் போயின. முன்காவல்கள் ஒன்றுக்கொன்று எண்ணூறு மீட்டர் தள்ளி இருந்தன. தெளிந்த பகலில் அந்த இடைவெளி கொலைக்களம். பனியில் அது திறந்த கதவு. பின்னால் வந்த கருப்புக் காய்கள் முன்காவல்களை ஒவ்வொன்றாக வளைத்தன. நில் என்ற உத்தரவுப்படி அவை நின்றன. நான்காவது மணிக்குள் மூன்று போயின. கடைசி ஒன்று ஆறாவது மணி வரை தாங்கியது.

நடு அடுக்கிலும் அதே கதை. ஒரு காயின் முன்னால் மற்றொன்று குறுக்காகச் சுடும் என்பதுதான் அந்த அமைப்பின் உயிர். குறுக்கே யார் வருகிறார்கள் என்றே தெரியவில்லை. பனி ஐந்தாவது மணியில் விலகியபோது இரண்டு வெள்ளைக் காய்களுக்குப் பின்னாலேயே கருப்பு நின்றது.

ஒற்றை ரிசர்வுக்குச் செய்தி வந்ததே ஐந்தாவது மணியில். வந்த செய்தியும் பழையது: மேட்டில் நம்மவர் வளைக்கப்பட்டிருக்கிறார்கள், காப்பாற்று. ரிசர்வ் மேட்டை நோக்கிக் கிளம்பி, 5-ஆவது கிலோமீட்டரிலேயே நொறுங்கியது. ஒன்பதாவது மணியில் எதிரி 8-ஆவது கிலோமீட்டரில், தலைகுந்தாவைப் பார்க்கும் தூரத்தில். தற்காப்பு ஏழு காய்களை இழந்தது, தாக்கியவர் ஆறு. ஒற்றை வரிசை ஏழு மணி நேரத்தில் சந்திப்பையே இழந்தது. அரைகுறை அடுக்கு அதைவிடக் கொஞ்சம் தாங்கியது, அவ்வளவுதான்.

என்ன தவறியது

ஆட்டம் முடிந்ததும் ஆசிரியர் 1918 மார்ச் 21-ஐ எடுத்துப் பேசினார். பிரிட்டிஷ் ஐந்தாவது சேனை அன்று காகிதத்தில் அருமையான அடுக்குத் தற்காப்போடு இருந்தது: முன் மண்டலம், போர் மண்டலம், பின் மண்டலம். ஜெர்மானியரிடமிருந்து கற்றுக்கொண்டதுதான். ஆனால் ஆட்களில் பெரிய பங்கு முன் மண்டலத்திலேயே இருந்தது; அங்கே காவல் அரண்களில் இருந்தவர்களுக்குப் பின்வாங்க அனுமதி இல்லை; பின் மண்டலம் பல இடங்களில் அரைகுறையாகத் தோண்டப்பட்ட அடையாளக் கோடாகவே இருந்தது. அதிகாலை 4.40-க்குத் தொடங்கி ஏறத்தாழ ஐந்து மணி நேரம் குண்டுவீச்சு, கம்பிகள் அறுந்தன, கனத்த மூடுபனி. அன்று ஒரே நாளில் ஏறத்தாழ 21,000 பிரிட்டிஷ் வீரர்கள் கைதானார்கள். மேசையில் நடந்தது அதன் சிறு நகல். மாணவர்கள் அதைப் படித்துவிட்டு அப்படிச் செய்யவில்லை, தாமாகவே அங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது. நிலத்தை விடுவதற்கான கூச்சம் அவ்வளவு இயல்பானது.

மூடுபனிதான் தோற்கடித்தது என்று மாணவர்கள் வாதாடினார்கள். நடுவர் ஒத்துக்கொள்ளவில்லை. பனி இல்லாமல் இருந்திருந்தாலும் நான்கு கம்பெனிகள் குண்டுவீச்சின் நேர் இலக்காக இருந்திருக்கும், ஒற்றைக் காய் ரிசர்வால் எதையும் திருப்பியிருக்க முடியாது. பனி செய்தது, தோல்வியை விரைவாக்கியது. இந்த ஆய்வை எழுதுபவர்களின் கருத்தும் அதுவே. வரைபடத்தில் மூன்று கோடு போடுவது எளிது. முதல் கோட்டில் இருப்பவனுக்கு ‘நீ வரலாம்’ என்று எழுத்தில் கொடுப்பதுதான் கடினம்.

எல்லைகள்

இரண்டாம் ஞாயிற்றின் வெற்றியையும் அளவோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். விட்டுக்கொடுக்க இடம் இருந்ததால் அது நடந்தது. காக்க வேண்டிய சந்திப்பு மேட்டிலிருந்து ஏழு கிலோமீட்டர் பின்னால். அதே சந்திப்பு ஒரே கிலோமீட்டர் பின்னால் இருந்தால் இந்தத் திட்டம் பயன்படாது. இன்னொன்று, முழு ஆழத்தையும் சும்மா பெற முடியாது. 1943 ஜூலையில் கூர்ஸ்க்கில் சோவியத் படை அடுக்கடுக்கான அரண்களில் ஜெர்மானியரை உறிஞ்சியது. வடக்கே 10 முதல் 15 கிலோமீட்டருக்குள் தாக்குதல் சிக்கிக்கொண்டது. அதற்குப் பின்னால் மாதக்கணக்கில் தோண்டிய குழிகளும் கண்ணிவெடிகளும், தொடாமல் வைத்திருந்த ஒரு பெரும் ரிசர்வும் இருந்தன. ரிசர்வ் இல்லாத அடுக்கு தோல்வியைத் தள்ளிப்போடும், தடுக்காது.

மூன்றாவது எல்லையைக் கேள்வியாக எழுப்பியவர் ஒரு மாணவி. கோத்தகிரிப் பக்கத்தில் ஹட்டி எனப்படும் படுகர் ஊர் ஒன்றிலிருந்து வந்தவர். “அந்த நாலு கிலோமீட்டர்ல மந்து இருக்குமே சார், அவங்க எங்க போவாங்க?” மந்து என்றால் தோடர் குடியிருப்பு. துணியின் மேல் அதைக் குறிக்க யாரும் எதுவும் வைத்திருக்கவில்லை. உண்மையான போரில் முன் மண்டலத்தை எதிரிக்கு விடுவது என்றால் அங்குள்ளவர்களை முதலில் வெளியேற்ற வேண்டும். அதற்குச் சாலையும் நேரமும் வேண்டும். அந்தச் சாலையில்தான் பீரங்கியும் நகர வேண்டும். அடுத்த ஆட்டத்தில் மந்துக்கு ஒரு காயும், வெளியேற இரண்டு சுற்றும் சேர்ப்பது என்று முடிவாயிற்று.

அடுத்த முறை மாற்றுபவை

மூடுபனிக்கான ஏற்பாடு முதலில். பகலில் தெளிவாக இருக்கும்போதே ஒவ்வொரு இயந்திரத் துப்பாக்கிக்கும் ஒரு நிலையான சூட்டுக்கோடு குறித்து, முளைக்குச்சி அடித்து வைப்பது. கண் தெரியாவிட்டாலும் சத்தம் கேட்டால் அந்தக் கோட்டில் சுடலாம். காவல்களின் இடைவெளியை எண்ணூறிலிருந்து நானூறு மீட்டராக்கி, நடுவில் ரோந்து விடுவது. இடைவெளி குறைந்தால் காக்கும் அகலமும் குறையும். ஆகவே வடக்கு ஓரத்து ஒரு கிலோமீட்டரைக் கண்ணிவெடியிடமும் சேற்றுப் பள்ளத்திடமும் விடுவது.

செய்திக்கு நூல் ஒன்று போதாது. வெடிச்சத்தம் எத்தனை, எந்த நிற ஒளிக்குண்டு என்று முன்கூட்டியே ஒத்துக்கொண்ட அடையாளமும், வழி தெரிந்த ஓட்டக்காரர் இருவரும். ரிசர்வ் மூன்றுக்குக் குறையாது. அதன் தலைவர் மூன்று வழிகளை முன்னதாக நடந்து பார்த்திருக்க வேண்டும். தலைமையிடத்திலிருந்து இரண்டு மணி நேரம் எதுவும் வராவிட்டால் எங்கே போவது என்பதையும் அவரிடம் முன்பே சொல்லிவைப்பது.

முன்காவலுக்கான புதிய சீட்டை மாணவர்களே எழுதினார்கள். சுபேதார் இரண்டு முறை திருப்பிக் கொடுத்து, மூன்றாவதை ஏற்றுக்கொண்டார்:

“எதிரி சாலையில் எத்தனை, எந்தப் பக்கம் கனம் என்று சொல். முதல் சூட்டிலிருந்து இரண்டு மணி நேரம், அல்லது உன் இடப்பக்கக் காவல் விழும்வரை, எது முன்னால் வருகிறதோ அதுவரை நில். பிறகு கேட்காமல் கிளம்பு. தெற்குச் சோலை ஓரம், ஓடையின் வலக்கரை. நீ வருவது சோலைக் காவலுக்குத் தெரியும். உன்னைச் சுட மாட்டார்கள்.”

முதல் இரண்டு வரைவுகளிலும் அந்தக் கடைசி வாக்கியம் இல்லை.